வண்டி முன்னாடியே சொல்லிடும்

எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னைக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி காதுக்கும் மூக்குக்கும் வேலை இருக்கு.

இப்போ சாவியைத் திருப்பி ஆன்ல மட்டும் வைக்கிறேன், ஸ்டார்ட் பண்ணல. மீட்டர்ல இத்தனை விளக்கு எரியுது பாருங்க. எரியணும். இதுல ஒண்ணு எரியலேன்னா, நாளைக்கு ஆபத்து வந்தாலும் அது நமக்குச் சொல்லாது. ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சிடணும். ஹேண்ட்பிரேக், சீட்பெல்ட் விளக்குங்க மட்டும் நாம சரிபண்ற வரைக்கும் எரியும்.

ஓடும்போது மஞ்சள் எரிஞ்சா சீக்கிரம் மெக்கானிக்கிட்ட காட்டுங்க. சிவப்பு எரிஞ்சா ஓரங்கட்டுங்க. அதுலயும் எண்ணெய் கூஜா மாதிரி இருக்குதே, அந்த ஆயில் விளக்கு எரிஞ்சா "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு நினைக்கவே கூடாது. நான் ஒரு தடவை நினைச்சேன். பட்டறை வாசலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இன்ஜின் பிடிச்சிடுச்சு. ஆயில் அழுத்தம் இல்லேன்னா உள்ளே இரும்போட இரும்பு உரசுது. உடனே அணைச்சிருந்தா ஆயிலோட போயிருக்கும், எனக்கு இன்ஜினையே இறக்க வேண்டியதாப் போச்சு.

டெம்பரேச்சர் முள் H பக்கம் ஏறினாலும் நிறுத்தணும். ஆனா ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. அரை மணி நேரமாவது ஆறட்டும். உள்ளே கொதிக்கிற தண்ணி அழுத்தத்தோட நிக்குது, திறந்தா முகத்துல பீச்சும். இன்ஜின் செக் விளக்கு மஞ்சள்தான், ஆனா விட்டு விட்டு மின்னினா அது வேற கதை. பெட்ரோல் எரியாம சைலன்சர் பக்கம் போகுதுன்னு அர்த்தம். வேகத்தைக் குறைச்சு நிறுத்திடுங்க.

சத்தத்துக்கு வருவோம். பிரேக் அழுத்தும்போது "கீச்"னு கேட்டா பேடு தேஞ்சிருக்கலாம். பல பேடுல அதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வச்சிருக்காங்க, தேஞ்சதும் டிஸ்க்ல உரசிக் கத்தும். அப்பவே மாத்திட்டா பேடோட முடியும். "கரகர"ன்னு அரைக்க ஆரம்பிச்சா டிஸ்க்கும் போகுது, பிரேக்கும் பிடிக்காது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது "டக் டக்"னா ஆக்ஸில் ஜாயிண்ட். வேகத்தோட ஏறுற ரீங்காரம் பெரும்பாலும் வீல் பேரிங்.

வாசனையும் அப்படித்தான். இனிப்பா வந்தா கூலண்ட் கசியுது. கருகின வாடை வந்தா உங்க இடது காலைப் பாருங்க, கிளட்ச்ல காலை வச்சே ஓட்டுறீங்களான்னு. பழகுறவங்க எல்லாரும் செய்றதுதான், தயங்காம எங்கிட்ட சொல்லுங்க. பிளாஸ்டிக் கருகின மாதிரி இருந்தா ஒயரிங். அதுக்கும் பெட்ரோல் வாடைக்கும் யோசிக்கவே வேண்டாம்: நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, எல்லாரும் இறங்கி தள்ளி நில்லுங்க.

நல்லா இருக்கிற வண்டி எப்படிக் கேக்கும்னு தெரிஞ்சாத்தான் கெட்டது காதுல விழும். அதனால இன்னைக்குப் பாட்டு கிடையாது, கண்ணாடி எல்லாம் இறக்கி. முதல்ல யார் வர்றீங்க?