சின்ன பின்

"என் முறுக்கு அச்சு கமலாகிட்ட இருக்கு." சனிக்கிழமை காலை பசியாறும்போதே அம்மாச்சி சொல்லிவிட்டார். தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். தேக்காவில் வாங்கிய புது எவர்சில்வர் அச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அழுத்தினால் கை வலிக்கிறதாம், மாவு ஓரத்தில் பிதுங்குகிறதாம். பழைய மர அச்சுதான் வேண்டும்.

"அப்போ போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றாள் யாழினி.

"நம்பர் அந்தப் போன்ல இருக்கு."

அந்தப் போன் என்றால் நோக்கியா 6300. அம்மாச்சியின் தையல் டப்பாவில் நூல்கண்டுகளோடு கிடந்தது. 2017 ஏப்ரலில் சிங்கப்பூரில் 2ஜி சேவையை நிறுத்தியபோது அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். கடைக்காரர் சிம்மில் இருந்த எண்களை மட்டும் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுத்தார். போனுக்குள் பதிந்த எண்கள் போனோடு தங்கிவிட்டன. அப்போது அது யாருக்கும் தெரியவில்லை.

யாழினி பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்தாள். மேசையில் வைத்துச் சுண்டிப் பார்த்தாள். உப்பியிருந்தால் பம்பரம் மாதிரி சுற்றும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். சுற்றவில்லை, தட்டையாகத்தான் இருந்தது. பழைய சிம்மும் உள்ளேயே இருந்தது. சரி, இனி சார்ஜர்தான்.

டிவிக்குக் கீழே இருந்த இழுப்பறை பாதி திறந்ததும் நின்றுவிட்டது. உள்ளே ஏதோ ஒரு வயர் மேல்பலகையில் மாட்டிக்கொண்டிருந்தது. கையை நுழைத்து அமுக்கி இழுத்ததும் மொத்தமும் ஒரே முடிச்சாக வெளியே வந்தது.

வீட்டில் யாரும் எந்தக் கேபிளையும் எறிந்ததில்லை. "எதுக்காவது உதவும்" என்பார் அப்பா. புளோக்குக்குக் கீழே மின்கழிவுப் பெட்டி வந்த பிறகும் உடைந்த கெட்டில்தான் அதற்குள் போனது. அங் மோ கியோ வீட்டிலிருந்து பொங்கோலுக்கு மாறி வந்தபோது சோபாவைக்கூட விட்டு வந்தார்கள். இந்த இழுப்பறைச் சாமான்கள் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வந்து சேர்ந்தன.

தரையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று தலை வைத்த வயர், டிவிடி பிளேயருடையது. பிளேயர் போய் எத்தனையோ நாளாகிறது. அகலமான தட்டை வாய் உள்ளது அம்மாவின் பழைய ஐபாடுக்கு. வீட்டுத் தொலைபேசி வயர் ஒன்று, சுருள் சுருளாக, மற்ற எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை மட்டும் உருவினால் பாதிச் சிக்கல் தீரும் என்று தெரிந்தது. ஆனால் அதன் ஒரு முனை மடிக்கணினி சார்ஜரின் கறுப்புக் கட்டிக்கு அடியில் போய், ஹெட்போன் வயர் ஒன்றுக்குள் இரண்டு முறை நுழைந்திருந்தது. இழுத்தால் இறுகியது. தளர்த்தினால் வேறெங்கோ இறுகியது. கடைசியில் ஹெட்போன் வயரைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். ஒரு காது ஏற்கெனவே கேட்காத ஹெட்போன்தான், பாவமில்லை.

இடையில் ஒரு மினி யூஎஸ்பி கேபிள் கிடைத்தது. மாமாவின் கேமராவுக்கு உரியது. நோக்கியாவின் அடியில் அதே அளவில் ஒரு துளை! செருகினாள், கச்சிதமாகப் பொருந்தியது. மறுமுனையைத் தன் சார்ஜரில் மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிளக்கை மாற்றினாள். அப்போதும் திரை கறுப்புதான்.

"போச்சு அம்மாச்சி. செத்துப் போச்சு."

அம்மாச்சி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தார். "அது கம்ப்யூட்டர்ல போட்டோ எடுக்குற ஓட்டை. அதுல கரண்டு ஏறாது. பக்கத்துல பொடி ஓட்டை ஒன்னு இருக்கும் பாரு, வட்டமா."

இருந்தது. குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. யாழினி அதை ஏதோ திருகாணி விழுந்த இடம் என்று நினைத்திருந்தாள்.

இனி வட்ட முனை உள்ளதை மட்டும் தேடினால் போதும். ஒன்று சீக்கிரமே அகப்பட்டது, நோக்கியா என்றே எழுதியிருந்தது. ஆனால் முனை தடி. 3.5 மில்லிமீட்டர், இந்தத் துளைக்கு வேண்டியது 2 மில்லிமீட்டர். ஒரே கம்பெனி, ஒரே வட்டம், நுழையத்தான் மாட்டேன் என்கிறது.

"அது தாத்தா போனுது, பெரிய பின்" என்றார் அம்மாச்சி. "என்னுது சின்ன பின். வயர்ல சிவப்பு நூல் கட்டியிருப்பேன். ரெண்டும் மாறிப்போய் தினம் சண்டை வரும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

சிவப்பு நூல் இழுப்பறையில் இல்லை, பிஸ்கட் டின்னின் அடியில் இருந்தது. நிறம் வெளுத்து ரோஸாகியிருந்தது.

செருகிய பிறகும் திரை உடனே விழிக்கவில்லை. அடியோடு வற்றிய பேட்டரி அப்படித்தான், கொஞ்சம் குடித்த பிறகுதான் கண் திறக்கும். உளுந்து புடைத்து முடிந்து, ஊறவும் போட்ட பிறகு, பேட்டரிப் படத்தில் கட்டங்கள் ஏறி இறங்கத் தொடங்கின. போனை உயிர்ப்பித்ததும் முதலில் தேதியையும் நேரத்தையும் கேட்டது. சிக்னல் சுத்தமாக இல்லை. பரவாயில்லை, மெனு திறந்தது.

ஆனால் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. A, B, D, G, H, P, Q, R. ஒவ்வொன்றும் ஒற்றை எழுத்து.

"கமலா பாட்டிக்கு K தானே? K இல்லையே?"

"எனக்கு ஏபிசிடி எங்க தெரியும்? கமலா ஏழாவது மாடி, மூணாவது வீடு."

யாழினிக்குப் புரியவில்லை. அம்மாச்சி போனை வாங்கி ஏழாம் பொத்தானில் விரலை வைத்துக் காட்டினார். ஒருமுறை தட்டினால் P, அது முதல் வீடு. இரண்டு முறை என்றால் Q. மூன்று முறை, R. பழைய புளோக்கில் அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் இரண்டாம் மாடியிலிருந்து ஒன்பதாம் மாடி வரைதான். அந்தப் போனிலும் எழுத்துகள் இரண்டிலிருந்து ஒன்பதுவரைதான். ஏழிலும் ஒன்பதிலும் நாலு வீடு பதியலாம், மற்றதில் மூன்றுதான் என்ற குறையை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார்.

R-ஐத் திறந்தாள். 9-இல் தொடங்கும் எட்டு இலக்கம். தன் போனில் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு?"

"நான்தான் நாலாவது மாடி."

அந்தப் பக்கம் ஒரு கணம் சத்தமில்லை. அப்புறம், "அடிப்பாவி! இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? என் இடியாப்பக் குழல் என்னாச்சு?"

"உன் குழலா? என் முறுக்கு அச்சை நீ வச்சிருக்க!"

"குழலைக் கொடுத்துட்டுத்தானே அச்சை வாங்கினேன். ஒன்னுக்கு ஒன்னு!"

அம்மாச்சி அடுக்களை அலமாரியை ஓரக்கண்ணால் பார்த்தார். யாழினியும் பார்த்தாள். மேல்தட்டில் பித்தளைக் குழல் ஒன்று தலைகீழாக நின்றது. அதில்தான் இந்த வீட்டில் எப்போதும் இடியாப்பம் பிழிவார்கள்.

"அது கிடக்கட்டும்" என்றார் அம்மாச்சி. "இப்ப எங்கடி இருக்க?"

"செங்காங். பதினாலாவது மாடி."

"பதினாலுக்குப் பொத்தானே இல்லையே" என்று முணுமுணுத்தவர் யாழினி பக்கம் திரும்பினார். "செங்காங் எவ்வளவு தூரம்?"

"எம்ஆர்டில அடுத்த ஸ்டேஷன், அம்மாச்சி."

"அடுத்ததா?" போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். "கமலா, நாளைக்கு வர்றேன். அச்சைக் கழுவி வை. குழல் வேணும்னா நீ வந்து எடுத்துக்க."