பொருள்: அக்ரி இன்டெக்ஸில் பேசிய கோகோபீட் கட்டி விலை, நிபந்தனைகள் – எழுத்தில் உறுதி

பொள்ளாச்சி
15.07.2025

அன்புள்ள சிவகுமார் சார்,

வணக்கம். சனிக்கிழமை கொடிசியா வளாகத்தில் எங்கள் ஸ்டாலுக்கு வந்து, அந்தக் கூட்டத்திலும் பொறுமையாக உட்கார்ந்து பேசியதற்கு நன்றி. ஓசூர் போய்ச் சேர்ந்து பசுமைக்குடில் வேலையில் மூழ்கியிருப்பீர்கள். நாம் பேசியது இருவருக்கும் நினைவில் இருக்கும்போதே எழுத்தில் வைத்துவிடலாம் என்று இதை அனுப்புகிறேன். ஒத்துக்கொண்டது, பேசாமல் விட்டது, நான் ஒத்துக்கொள்ளாதது எல்லாவற்றையும் தனித்தனியாகவே எழுதியிருக்கிறேன். எங்காவது உங்கள் நினைவு வேறாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

சரக்கு: 5 கிலோ கட்டி, கழுவிய கோகோபீட், ஈ.சி. 0.5-க்குள். மாதம் ஒரு லோடு, லோடுக்கு 15 டன், அதாவது 3,000 கட்டி. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று மூன்று லோடு, மொத்தம் 45 டன்.

விலை: கிலோ 18 ரூபாய் 50 காசு, எங்கள் களத்தில் லாரியில் ஏற்றிக் கொடுக்கும் விலை. ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. ஒரு லோடு சரியாக 15 டன் நின்றால் சரக்கு மதிப்பு 2,77,500 ரூபாய், வரி 13,875, ஆக 2,91,375 ரூபாய். ஏற்றுக்கூலி எங்களுடையது. லாரி வாடகை டு-பே, இறக்கும் இடத்தில் நீங்கள் கொடுப்பது. இறக்குக்கூலியும் உங்கள் பக்கம். ஈ-வே பில் நாங்கள் எடுத்துவிடுவோம்.

அந்த 50 காசைப் பற்றி ஒரு வார்த்தை. என் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் நீங்கள் '18' என்று பேனாவால் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். அது முதலில் பேசிய விலை, 45 டன்னையும் ஆகஸ்டிலேயே எடுத்துக்கொண்டால் என்று சொன்னது. உங்களிடம் அவ்வளவு அடுக்க இடம் இல்லை, மாதம் ஒரு லோடாக வேண்டும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் 18.50 ஆயிற்று. சரக்கை எங்கள் குடோனில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கும் செலவு அதில் இருக்கிறது. நீங்களும் "சரிங்க, போடுங்க" என்றீர்கள். கார்டில் மட்டும் பழைய எண் அப்படியே நிற்கிறது. உங்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் கார்டைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த விலை மூன்று லோடுக்கும் மாறாது. இடையில் மட்டை விலை ஏறினால் அது என் பாடு. இறங்கினாலும் நீங்கள் குறைக்கச் சொல்லக் கூடாது. அக்டோபர் லோடுக்குப் பிறகு வேண்டுமானால் புதிதாகப் பேசிக்கொள்வோம்.

லோடு தேதி: ஆகஸ்ட் 11, செப்டம்பர் 8, அக்டோபர் 6, மூன்றும் திங்கட்கிழமை. கடைசி லோடு தீபாவளிக்கு நன்றாக முன்னாடியே வந்துவிட வேண்டும், அப்புறம் லாரி கிடைக்காது என்றீர்கள். அது நியாயம்தான். ஆயுத பூஜை லீவு முடிந்து ஆட்கள் திரும்பியதும் ஏற்றும்படி 6-ம் தேதி வைத்திருக்கிறேன்.

பணம்: ஆர்டரோடு முன்பணம், ஒரு லோடு சரக்கு மதிப்பில் 30 சதவீதம், அதாவது 83,250 ரூபாய். பில் தொகை, சரக்கு உங்கள் இடத்தில் இறங்கிய நாளிலிருந்து 30 நாளில். நீங்கள் முதலில் 45 நாள் கேட்டீர்கள். விலையை மூன்று மாதம் பிடித்துவைக்கிறேன் என்றதும் 30-க்கு ஒத்துக்கொண்டீர்கள்.

இந்த 30 நாள் எழுத்தில் இருப்பது எனக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, உங்களுக்கும்தான். எங்களுடையது உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தி யூனிட். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தரலாம், ஆனால் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் 15 நாள்தான் கணக்கு. அதைத் தாண்டினால் வட்டி ஓட ஆரம்பிக்கும். வருமான வரியிலும், அந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், எந்த வருஷம் தருகிறீர்களோ அந்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். உங்கள் ஆடிட்டர் இந்தத் தாளைக் கேட்பார். எங்கள் உத்யம் சான்றிதழின் நகலை இணைத்திருக்கிறேன்.

இனி, ஸ்டாலில் பேசாமல் விட்டவை. இவற்றுக்கு என் யோசனையை எழுதுகிறேன், உங்கள் சம்மதம் வந்தால்தான் செல்லும்.

முதலாவது, ஈ.சி. எப்படிப் பார்ப்பது என்பது. '0.5-க்குள்' என்று இருவரும் சொன்னோம், ஆனால் எந்த முறையில் என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் தகராறு வருவதென்றால் இங்கேதான் வரும். அதே கட்டிதான், தண்ணீர் கூடினால் எண் இறங்கும், குறைந்தால் ஏறும். சிலர் ஒன்றுக்கு ஒன்றரை பார்க்கிறார்கள், சிலர் ஒன்றுக்கு ஐந்து. ஐந்து பங்கு தண்ணீரில் பார்த்து 0.5 என்று சொல்லிச் சரக்கை அனுப்பிவிட்டு, ரோஜாச் செடி கருகிய பிறகு மீட்டரைக் காட்டிப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. அதனால் கடுமையான முறையையே வைக்கிறேன்: ஊறி உதிர்ந்த பீட் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் ஒன்றரைப் பங்கு, கன அளவில். அலகு மில்லி சீமன்ஸ்/செ.மீ. ஸ்டாலில் உங்கள் பேனா மீட்டரை விட்டுப் பார்த்தபோது 0.4 காட்டியது. ஆனால் நாம் ஊற்றியது குடிதண்ணீர் பாட்டில், பங்கும் குத்துமதிப்பு. அதை அளவாக இருவருமே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கொண்டுபோன இரண்டு சாம்பிள் கட்டியில் ஒன்றை இந்த முறையில் பார்த்துச் சொல்லுங்கள். அதே தொகுதியில் இரண்டு கட்டியை நானும் சீல் வைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

எண் தவறினால் என்ன செய்வது என்பதை நீங்களே சொன்னீர்கள், எனக்குச் சம்மதம். 0.5-க்கு மேல் 0.7 வரை இருந்தால் அந்த லோடுக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக்கொள்வது. 0.7-ஐத் தாண்டினால் திருப்பி எடுத்துக்கொள்வது, போகவர வாடகை என் செலவு. நான் சேர்ப்பது ஒன்றுதான்: குறை இருந்தால் இறக்கிய 7 நாளுக்குள், வேறுவேறு அடுக்கிலிருந்து எடுத்த பத்துக் கட்டியின் அளவோடு சொல்லிவிட வேண்டும். செடி நட்டு, உரத்தண்ணீர் விட்ட பிறகு பார்க்கும் ஈ.சி. எங்கள் கணக்கில் வராது.

இரண்டாவது, ஈரம். பில் எடைமேடையின் நிகர எடைக்குத்தான், சீட்டு பில்லோடு வரும். எடைக்கு விற்கும் சரக்கில் ஈரத்தை விற்றுவிடலாம் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: ஈரம் 18 சதவீதத்துக்கு மேல் போகாது. போனால், கூடுதல் ஈரத்தின் எடையைப் பில்லில் கழித்துவிடலாம்.

மூன்றாவது, மழை. கழுவிய பீட் களத்தில் வெயிலில்தான் காய வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் இங்கே சாரல் பிடித்தால் நாள் கணக்கில் விடாது. ஆகஸ்ட், செப்டம்பர் லோடுகளுக்கு மட்டும், மூன்று நாள் முன்பே சொல்லிவிட்டு ஒரு வாரம் வரை தள்ளிப்போக இடம் கொடுங்கள். அதையும் தாண்டினால் அந்த லோடை நீங்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம், நான் கேட்க மாட்டேன். ஈரம் காயாமல் கட்டி அடித்து அனுப்புவதைவிட இது இருவருக்கும் நல்லது. அக்டோபர் லோடுக்கு இந்தச் சலுகை வேண்டாம், அதற்கான பீட்டைச் செப்டம்பரிலேயே காயவைத்துக்கொள்வேன்.

நான்காவது, முன்பணம் எந்த லோடில் கழியும் என்பது. மூன்றாவது லோடு பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று கேட்கிறேன். அப்படியானால் அந்த லோடுக்கு நீங்கள் தரவேண்டியது 2,08,125 ரூபாய். முதல் லோடிலேயே கழிய வேண்டும் என்றால், அடுத்த இரண்டு லோடுக்கும் என் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே இதில் கொஞ்சம் என் பக்கம் நில்லுங்கள்.

நான் ஒத்துக்கொள்ளாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது, உங்கள் பகுதியில் வேறு நர்சரிக்குச் சரக்கு கொடுக்கக் கூடாது என்றீர்கள். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் நான் சிரித்துவிட்டு விட்டேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதம் 15 டன்னை நம்பி மற்ற வாடிக்கையாளர்களை என்னால் விட முடியாது. உங்கள் லோடுக்கு முதலிடம் உண்டு, உங்கள் விலையை இன்னொருவரிடம் சொல்ல மாட்டேன். இந்த இரண்டுக்கும் நான் பொறுப்பு.

இன்னொன்று, கால்சியம் நைட்ரேட்டில் பஃபர் செய்த கட்டி. கேட்டீர்கள், செய்ய முடியும் என்றேன், விலை சொல்லவில்லை. 18.50-க்கு அது வராது. அதற்கு மருந்துச் செலவும் உண்டு, மறுபடி ஒரு முறை கழுவும் வேலையும் உண்டு. வேண்டுமென்றால் தனியாக விலை போட்டு அனுப்புகிறேன், இந்த 45 டன்னோடு கலக்க வேண்டாம்.

மேலே உள்ளது சரியென்றால், இதே மெயிலுக்கு 'சம்மதம்' என்று ஒரு பதில் போட்டு, பர்ச்சேஸ் ஆர்டரையும் முன்பணத்தையும் ஜூலை 21, திங்கட்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். ஆர்டரில் இந்தக் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டால் போதும், எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. 11-ம் தேதி லோடுக்குக் கழுவும் வேலையை 22-ம் தேதியே தொடங்கியாக வேண்டும். பதில் தள்ளிப்போனால் விலை அப்படியே இருக்கும், லோடு தேதி மட்டும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். மாற்றம் ஏதும் இருந்தால் போனில் பேசுவோம், ஆனால் பேசி முடித்ததை யாராவது ஒருவர் மெயிலில் இரண்டு வரி போட்டுவிடுவோம்.

வங்கி விவரம், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, உத்யம் சான்று மூன்றும் இணைப்பில் உள்ளன.

அன்புடன்,
கோமதி
உரிமையாளர், கோகோபீட் உற்பத்தி யூனிட், பொள்ளாச்சி

பி.கு.: உங்கள் பேனா மீட்டரின் மூடி எங்கள் ஸ்டால் மேஜையில் இருந்தது. முதல் லோடு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.