தீபாவளிப் பலகாரம் தீர்ந்துபோனதற்கு மன்னிப்பும், மறுபடி கிடைக்கும் நாட்களும்

செவ்வாய்க்கிழமை, 21 அக்டோபர் 2025
பட்டமங்கலத் தெரு, மயிலாடுதுறை

எங்கள் கடைக்கு வருகிற எல்லோருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு வந்து, வெறும் பையோடு திரும்பிப் போனவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சும்மா பார்த்துப் போக வந்தவர்கள் இல்லை நீங்கள். முன்பணம் கட்டியவர்கள், "சரி, எடுத்து வைக்கிறோம்" என்று எங்களிடமிருந்து பதில் வாங்கியவர்கள். அப்படி 43 பேருக்கு அன்றைக்குக் கொடுக்க எங்களிடம் சரக்கு இல்லை. அதிரசம் நாலு மணிக்கே தீர்ந்துவிட்டது. லட்டும் மைசூர்பாகும் ஏழரை மணிக்கு முடிந்தன. எட்டு மணிக்குத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தோம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைக்கு நேரில் வந்து ஆர்டர் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் கல்லாவில் இருக்கும் நோட்டில் ஏறிவிட்டது. வாட்ஸ்அப்பில் கேட்டவர்களில் கடைசி இரண்டு நாள் வந்த 43 பேரின் கணக்கு அந்த நோட்டுக்கு வரவே இல்லை. பதில் போட்டவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள்தான். பட்டறையில் இருந்த மாஸ்டருக்குத் தெரிந்தது நோட்டுக் கணக்கு மட்டும். அவர் அதற்குத் தகுந்த மாதிரிதான் போட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அதோடு ஞாயிறு காலையில் பத்து கிலோ அரிசியின் அதிரச மாவு வீணாகிவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து விடாத மழை. ஊறின அரிசி நிழலில் உலர வேண்டிய அளவுக்கு உலரவில்லை. ஈரம் கூடின மாவில் பாகு விட்டால் மாவு இளகிவிடும். முதல் அதிரசத்தைத் தட்டி எண்ணெயில் போட்டதும், உப்பி மேலே வராமல் ஓரமெல்லாம் பிரிந்து கரைந்தது. இரண்டாவதும் அப்படியே. மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலேயே வாசலில் பலகை மாட்டி, கடை விற்பனையை நிறுத்தி, இருந்ததை முன்பதிவு செய்தவர்களுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தப்பு என்னுடையது.

அன்றைக்கு வந்தவர்களில் ஒரு அம்மா கேதார கௌரி நோன்புக்காக 21 அதிரசம் சொல்லி வைத்திருந்தார்கள். எவர்சில்வர் தூக்கு, அதற்குள் வாழையிலை வெட்டிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். தட்டில் மீதி இருந்தது ஏழு. அவர்கள் அந்த ஏழையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். "ஏழை வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது" என்று மட்டும் கேட்டுவிட்டு, தூக்கை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். கோபமாக நாலு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நோன்புக்கு 21 என்றால் 21 தான், ஒன்று குறைந்தாலும் தட்டு நிறையாது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் நோன்பு உண்டு. அம்மா, இதை நீங்கள் படித்தால், அந்தச் சாயங்காலத்துக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

வெளியிலிருந்து வாங்கி நம் பெட்டியில் போட்டுக் கொடுக்கலாமே என்று சிலர் நல்லெண்ணத்தில் யோசனை சொன்னார்கள். எந்த எண்ணெயில் பொரித்தது, என்றைக்குப் போட்டது என்று தெரியாத பலகாரத்தை எங்கள் பெட்டியில் வைக்க மனசு வரவில்லை. ஆறாத மைசூர்பாகையும் வெட்டிக் கொடுக்கவில்லை. அந்த இரண்டு விஷயத்தில் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இனி, எது எப்போது கிடைக்கும் என்று சொல்கிறேன். பட்டறை ஆட்கள் தொடர்ந்து நாலு ராத்திரி கண் முழித்தவர்கள். திங்களும் செவ்வாயும் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளோடு தீபாவளி கொண்டாட அனுப்பிவிட்டோம். நாளை, புதன்கிழமை காலையில் அடுப்பு பற்ற வைக்கிறோம். மிக்சர், ரிப்பன் பக்கோடா, தட்டை, கைமுறுக்கு நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தயார். லட்டும் மைசூர்பாகும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. முந்திரி கேக்கும் பால்கோவாவும் வியாழன் சாயங்காலம். தீபாவளி லேகியம் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே அது உண்மையில் தேவைப்படுகிறது. வியாழக்கிழமை புதிதாகக் கிளறுகிறோம், வெள்ளி காலையில் வாங்கிக்கொள்ளலாம்.

அதிரசம் மட்டும் சனிக்கிழமை, 25-ஆம் தேதி காலை எட்டு மணிக்குத்தான். புதன் காலையில் பச்சரிசி ஊற வைத்து, வடித்து, உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் வெல்லப் பாகு எடுத்து, ஏலமும் சுக்கும் சேர்த்துக் கிண்டி, மேலே நெய் தடவி மூடி வைத்தால் இரண்டு நாள் அது தன் பாட்டுக்குப் பதமாகும். உலர்த்தும் நேரத்தையோ அந்த இரண்டு நாளையோ குறைத்தால் ஞாயிற்றுக்கிழமை மாதிரி மறுபடி மாவு வீணாகும். அதனால் தயவுசெய்து அதிரசத்துக்கு மட்டும் அவசரப்படுத்த வேண்டாம்.

முன்பதிவு செய்து கிடைக்காத 43 பேருக்கும் இரண்டில் எது வேண்டுமோ அது. பணம் வேண்டுமென்றால் சொன்ன அன்றே முழுத் தொகையும் திரும்பத் தருகிறோம். ஜிபே வழியாக அனுப்பியவர்களுக்கு அதே வழியில், கையில் கொடுத்தவர்களுக்குக் கையில். சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பெயர் சொன்னால் போதும். பலகாரமே வேண்டுமென்றால் சொன்ன அளவு, சொன்ன விலை, கூடவே கால் கிலோ மைசூர்பாகு எங்கள் கணக்கில். ஊருக்குள் இருப்பவர்கள் கடைக்கு வர வேண்டாம், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். இன்று சாயங்காலத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்துகொண்டிருக்கிறேன். நாளை மதியத்துக்குள் எல்லோரிடமும் பேசி முடித்துவிடுவேன்.

பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வந்து நாளையே கிளம்புகிறவர்கள் இருப்பீர்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ச் சேர்ந்த பிறகு விலாசம் அனுப்பினால், லட்டும் மைசூர்பாகும் கார வகைகளும் பார்சலில் அனுப்புகிறோம். செலவு எங்களுடையது. பால்கோவாவை அப்படி அனுப்ப மாட்டோம், வழியில் கெட்டுப்போகும்.

அடுத்து நம் ஊருக்குக் கடைமுகம் வருகிறது. ஐப்பசிக் கடைசி நாள், நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. துலா ஸ்நானத்துக்கு வருகிற உறவினர்களுக்காக இப்போதே சிலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்பதிவு நவம்பர் 12 இரவோடு நிறுத்திவிடுவோம். நேரில் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் சொன்னாலும் ஒரே நோட்டில் எழுதி, வரிசை எண் போட்ட சீட்டு கொடுக்கிறோம். எண் வராவிட்டால் பதிவாகவில்லை என்று வைத்துக்கொண்டு ஒரு தடவை கேட்டுவிடுங்கள். முன்பதிவுப் பெட்டிகளை முதலில் கட்டி, பெயர் எழுதி உள் அறையில் அடுக்கிய பிறகுதான் கடைத் தட்டில் சரக்கு ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றபோது, தன் பங்கிலிருந்து அரை கிலோ லட்டைப் பின்னால் நின்றவருக்குப் பிரித்துக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி. பெயர் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள்.

கடை நாளையிலிருந்து வழக்கம்போலக் காலை ஏழு மணிக்குத் திறந்திருக்கும். 21 அதிரசம் சொன்ன அம்மா, உங்கள் எண்ணுக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் முதல் ஈடு அதிரசத்தை நானே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரர்