விடுதி ஓவனைப் பயன்படுத்த அனுமதி வேண்டி வார்டனுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
27.01.2026

அனுப்புநர்:
சு. மகிழினி,
மூன்றாம் ஆண்டு, இளநிலை வேதியியல்,
அறை எண் 214, கல்லூரி மகளிர் விடுதி,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
விடுதிக் காப்பாளர் அவர்கள்,
கல்லூரி மகளிர் விடுதி,
பாளையங்கோட்டை.

பொருள்: பிப்ரவரி 7, 8 ஆகிய இரு நாள்கள் மெஸ் சமையலறையில் உள்ள ஓவனைப் பயன்படுத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். மெஸ் சமையலறையில் மாவு மில் பை அடுக்கியிருக்கும் மூலையில் ஒரு ஓவன் இருக்கிறது. முன்னாள் மாணவிகள் வாங்கிக் கொடுத்தது என்று மெஸ் அக்கா சொன்னார். இப்போது அதன்மேல் அப்பள டின் இரண்டும் பழைய ஜல்லடை ஒன்றும் இருக்கின்றன. அந்த ஓவனை ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்குக் கொடுத்தால், பிஸ்கட்டும் கேக்கும் சுட்டு 9ஆம் தேதி திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கல்லூரிக் கேன்டீன் முன்னால் விற்று, வருகிற பணத்தை ஒரு மெஸ் பாக்கிக்குக் கட்டிவிடலாம் என்று இருக்கிறோம்.

யாருடைய பாக்கி என்று உங்களுக்குத் தெரியும், மேடம். பெயரை நான் எழுதவில்லை. நவம்பரில் அப்பா தவறியபின் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைதான். மாதம் 3,200 வீதம் மூன்று மாதப் பாக்கி 9,600 ரூபாய். நீங்கள்தான் பேசி பிப்ரவரி 15 வரை தவணை வாங்கிக் கொடுத்தீர்கள். எங்களுக்கு இது தெரிய வந்தது அவள் வாயால் இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறாள், ராத்திரி சப்பாத்தி ஒன்றுதான். வயிறு சரியில்லையா என்று பக்கத்து அறைப் பிள்ளை கேட்டதற்கு, "கம்மியா சாப்பிட்டா பில்லும் கம்மியா வரும்லக்கா?" என்று திருப்பிக் கேட்டாளாம். மெஸ் பில் எல்லார் தலைக்கும் சமமாக வகுத்துப் போடுவது என்பதுகூடத் தெரியாமல் இத்தனை நாள் அரை வயிற்றோடு இருந்திருக்கிறாள். இதைக் கேட்டபிறகு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஆண்டு அறைகளில் கைமாற்றாகவும் கைக்காசாகவும் இதுவரை 5,600 சேர்ந்திருக்கிறது. மீதி 4,000. விடுதிப் பிள்ளைகளிடம் இதற்குமேல் கேட்க முடியாது, மாதக் கடைசி. வீட்டிலிருந்து வந்து போகிற மாணவிகளிடம் உண்டியல் நீட்டினால் யாருக்கு, எதற்கு என்று கேள்வி வரும், பதில் சொன்னால் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து வகுப்புக்குப் போக முடியாது. பிஸ்கட் என்றால் யாரும் அவ்வளவு கேட்க மாட்டார்கள். "விடுதி மாணவி ஒருவரின் படிப்புச் செலவுக்காக" என்று மட்டும் அட்டையில் எழுதி வைப்போம். அவளுக்கே இது தெரியாது. உங்கள் அறையிலிருந்தும் தெரியவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா முன்னிலையில் ஓவனைத் திறந்து பார்த்தோம். உங்கள் அனுமதி இல்லாமல் சுவிட்ச் போடவில்லை. பின்பக்கத் தகட்டில் 60 லிட்டர், 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறது. அப்படியானால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. கிரைண்டருக்குப் பக்கத்துச் சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும், கிரைண்டரை அந்த நேரத்தில் ஓட்டக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிட்டவே வராது. புதன்கிழமை வருகிற எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருமுறை அந்தப் பிளக்கையும் எர்த்தையும் பார்த்துச் சரி என்று சொன்னபிறகே தொடுவோம். அவருக்குக் கொடுக்க வேண்டியதை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.

இதையெல்லாம் நான் பேசுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். போன அக்டோபரில் இன்டர்னல் பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி, ஒரே எக்ஸ்டென்ஷனில் இரண்டு கெட்டில் போட்டு முதல் மாடி முழுவதையும் இருட்டாக்கியது 214தான். மெழுகுவர்த்தியோடு படியேறி வந்து நீங்கள் கேட்டபோது நான்தான் முதலில் "தெரியலையே மேடம்" என்றேன். தெரியும் மேடம். அன்று சொல்லாததை இன்று எழுத்தில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கெட்டில் இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, அதைத் திருப்பிக் கேட்டு இந்தக் கடிதம் இல்லை. அறைக்குள் சமைக்கக் கூடாது என்ற விதியை மீறிப் பட்டதால்தான், இந்த முறை அறையில் யாருடைய குட்டி ஓவனையோ ஒளித்து வைத்துச் சுடாமல் உங்களிடம் வந்து நிற்கிறோம்.

நேரம் பற்றி மெஸ் அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி 2.30க்கு இடம் காலியாகும். ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பிசைய 5.30க்கு வருவார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் நெய் பிஸ்கட். தட்டுக்கு 24, ஒரு தடவைக்கு இரண்டு தட்டு, வெந்து இறக்கி அடுத்தது ஏற்ற அரை மணி. ஆறு தடவையில் 288 வரும். ஞாயிறு 2.30 முதல் 5 மணிவரை ரவா கேக், தடவைக்கு நான்கு டின்னாக இரண்டு தடவை. இரண்டிலும் முட்டை கிடையாது.

மூன்றாவதுதான் உங்கள் தயவு வேண்டியது. எனக்குத் தூத்துக்குடி. என் மாமா அங்கே ஒரு பேக்கரியில் மக்ரூன் மாஸ்டராக 22 வருடம் வேலை பார்த்தவர். முட்டை வெண்கரு, சர்க்கரை, முந்திரிப் பொடி, இவ்வளவுதான் சரக்கு. மற்றதெல்லாம் கைப்பக்குவம். பாத்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டியிருந்தாலும் வெண்கரு பொங்காது, அதனால் பாத்திரம் வீட்டிலிருந்தே வருகிறது. நன்றாக அடித்தால் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நுரை விழக் கூடாது. சின்ன வயதில் மாமா என் தலைக்குமேல்தான் கவிழ்த்துக் காட்டுவார். அதைக் காகிதக் கூம்பில் போட்டுப் பிழிந்து, மிகக் குறைந்த சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். அது வேகிறது என்பதைவிடக் காய்கிறது என்று சொல்வதுதான் சரி. நடுவில் ஓவன் கதவைத் திறக்கவும் கூடாது, பக்கத்தில் சோறு கொதித்து ஆவி அடிக்கவும் கூடாது. ஈரம் பட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். பகலில் நம் மெஸ்ஸில் ஆவி இல்லாத நேரம் ஏது? ஆகவே ஞாயிறு இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, 8.30 முதல் 11.45 வரை கேட்கிறோம். பத்து மணி அட்டெண்டன்ஸுக்கு நாங்கள் மூன்று பேர், நானும் 209 ஷர்மிளாவும் 217 ஜெசியும், மெஸ்ஸில் இருந்தபடியே கையெழுத்துப் போட அனுமதிக்க வேண்டும். தனியாக இருக்க மாட்டோம், மெஸ் அக்கா அன்று இங்கேயே தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அது சரிவராது என்று நீங்கள் நினைத்தால் மக்ரூனை விட்டுவிடுகிறோம், வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மற்ற இரண்டுக்கு மட்டுமாவது அனுமதி வேண்டும்.

கணக்கு இது. பிஸ்கட் ஆறு கொண்ட பொட்டலம் 30 ரூபாய், 48 பொட்டலத்துக்கு 1,440. ரவா கேக் துண்டு 20 ரூபாய், 80 துண்டுக்கு 1,600. மக்ரூன் எட்டு கொண்ட பொட்டலம் 50 ரூபாய், 20 பொட்டலத்துக்கு 1,000. ஆக மொத்தம் 4,040. ஒன்றுகூடக் கருகாமல், ஒன்றைக்கூட நாங்கள் தின்னாமல் இருந்தால்தான் இந்தத் தொகை. குறைந்தால் குறைந்ததை நாங்களே போட்டு நிரப்புகிறோம். முந்திரி எங்கள் வீட்டிலிருந்தும் நெய் ஜெசி வீட்டிலிருந்தும் வருகிறது. மாவு, சர்க்கரை, ரவை, தயிருக்கு இருபது பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு ஆயிரம் எடுத்து வைத்திருக்கிறோம். மெஸ் ஸ்டோரிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரைகூட எடுக்க மாட்டோம். கரண்டுச் செலவையும் யோசித்தோம். மூன்று வேளையும் சேர்த்து ஒன்பது மணி நேரத்துக்குக் குறைவுதான், ஓவன் இடைவிடாமல் எரிந்தாலும் 18 யூனிட்டைத் தாண்டாது. அதற்காக 200 ரூபாய் முன்பணமாக அலுவலகத்தில் கட்டிவிடுகிறோம்.

முட்டை சேராதது முழுக்க முதலில் முடிந்து, டப்பாவில் அடைத்து என் அறைக்குப் போன பிறகே முட்டையை உடைப்போம். தட்டும் தனி, டப்பாவும் தனி. எதில் முட்டை, எதில் முந்திரி, எதில் பால் என்று பொட்டலத்தின்மேலேயே எழுதி ஒட்டுவோம். ஓவன் பக்கம் துப்பட்டாவோடு யாரும் நிற்க மாட்டார்கள், முடியைக் கொண்டை போட்டுக்கொள்வோம். புகையோ பொறியோ வந்தால் தண்ணீர் ஊற்றாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். தீயணைப்பான் மெஸ் வாசலில் எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பார்த்து வைத்திருக்கிறோம். சுட்டு முடித்தபின் ஓவனைத் துடைத்து, ஆறவைத்து, அப்பள டின்னைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவோம். கண்ணாடியோ தட்டோ உடைந்தால் செலவு எங்களுடையது.

திங்கள் மாலை 5 மணிக்குச் சில்லறையோடு உங்கள் அறைக்கு வந்து எண்ணிக் கொடுக்கிறோம். அதோடு முன்பே சேர்ந்த 5,600ஐயும் சேர்த்து, அந்தப் பிள்ளையின் கணக்கில் நீங்களே வரவு வைத்து ரசீது போட வேண்டும். ரசீதில் எங்கள் யார் பெயரும் வேண்டாம். அவள் கேட்டால் என்ன சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறோம்.

முந்திரியை வீட்டில் உடைத்துக் காயவைத்து ஊர் பஸ்ஸில் கொடுத்தனுப்ப நான்கு நாள் ஆகும். ஆகவே இந்த வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் உதவியாக இருக்கும். நேரில் வரச் சொன்னால் மூவரும் வருகிறோம். பணம் போட்ட இருபது பேரின் கையெழுத்தும் அறை எண்ணும் பின்பக்கத்தில் இருக்கின்றன.

நன்றி.

இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள,
சு. மகிழினி
அறை எண் 214

பி.கு.: முதல் தட்டு நெய் பிஸ்கட்டில் இரண்டு உங்களுக்கு என்று எடுத்து வைக்கலாம் என்றாள் ஷர்மிளா. லஞ்சம் மாதிரி இருக்கும், வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை கேன்டீன் பக்கம் வந்து 30 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், மேடம்.