மூலிகைத் தோட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னால

(பொற்றையடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், தோட்டக் குழுக்கள் வேலை தொடங்கும் நாள் காலையில் அறிவியல் ஆசிரியை பிள்ளைகளிடம் பேசியது)

மக்களே, எல்லாரும் வேப்பமர நிழலுக்கு வந்து உக்காருங்க. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க முன்னால. எட்டாம் கிளாஸ் அண்ணன்மாரும் அக்காமாரும் பின்னால.

இங்க இருந்து பார்த்தா மருந்துவாழ் மலை தெரியுது. அனுமார் சஞ்சீவி மலையத் தூக்கிட்டுப் போனப்போ அதுல ஒரு துண்டு இங்க விழுந்துச்சுன்னு உங்க பாட்டாவும் பாட்டியும் கதை சொல்லியிருப்பாங்க. அந்த மலையடிவாரத்துல வளர்ற பிள்ளைங்களுக்கு நாலு செடி பேரு சொல்லத் தெரியணும்னு எனக்கு ஆசை. அதுக்குத்தான் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால இந்தத் தோட்டம்.

முதல்ல ஒரு கேள்வி. மூலிகைன்னா உடம்புக்கு நல்லது, அதனால எதைப் பறிச்சுத் தின்னாலும் நல்லதுதானே? எத்தனை பேரு ஆமாங்கிறீங்க? சரி, கையைக் கீழ போடுங்க. இல்லைங்கிறதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

வாசல்ல ரோஸ் நிறத்துல பூத்து நிக்குதே நித்தியகல்யாணி, அதுல இருந்து எடுக்கிற ஒரு மருந்து, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்களைக் காப்பாத்த ஆஸ்பத்திரியில உதவுது. வின்கிரிஸ்டின்னு பேரு. எவ்வளவோ இலையில இருந்து துளியூண்டுதான் கிடைக்கும். அதையும் டாக்டர் அளந்து, ஊசி வழியாத்தான் கொடுப்பாங்க. அதே செடியோட இலையை நீங்க பறிச்சு மென்னா அது விஷம். செடி ஒண்ணுதான். அளவும், கொடுக்கிற முறையும், கொடுக்கிற ஆளும்தான் அதை மருந்தாக்குது.

நம்ம மாநிலப் பூ எது? செங்காந்தள். மழை தொடங்கினா வேலியில தீ எரியிற மாதிரி பூக்கும். அதுல வேரு, கிழங்கு, விதை எல்லாமே விஷம். கிழங்கைப் பார்த்தா ஏதோ தின்கிற கிழங்குன்னு தோணும், அதுதான் ஆபத்து. குன்றிமணி செவப்பும் கறுப்புமா அழகா இருக்கும், ஆனா உடைச்சு மென்னா உயிருக்கே ஆபத்து. அரளி, மஞ்ச அரளிக் காய், ஊமத்தங்காய், ஆமணக்கு விதை எல்லாம் அப்படித்தான். தெற்றிப்பூவப் பறிச்சுத் தேன் உறிஞ்சுற பழக்கம் உங்கள்ல நிறைய பேருக்கு உண்டு, நான் பார்த்திருக்கேன். அந்த வாய்ப்பழக்கத்துல அரளிப்பூவை வாயில வச்சிரக் கூடாதேன்னுதான் எனக்குப் பயம். அரளிக் குச்சியில மாங்காத் துண்டைக் குத்தித் தின்கிறதும் வேண்டாம்.

“டீச்சர், அதைப் புழு தின்னுதே, நாம தின்னா என்ன?”ன்னு கேப்பீங்க. எருக்கு இலையத் தின்னு வளர்ற ஒரு வண்ணத்துப்பூச்சிப் புழு உண்டு. எருக்குல இருக்கிற விஷத்தை அது தன் உடம்புல சேத்து வச்சுக்கும், அதனால பறவைங்க அதைத் தொடாது. அதுக்கு அந்த உடம்பு, நமக்கு இந்த உடம்பு. புழு தின்னுச்சு, கிளி தின்னுச்சு, ஆடு தின்னுச்சுங்கிறதை வச்சு எதையும் வாயில வைக்கக் கூடாது.

அப்போ நம்ம தோட்டத்துல ருசியே பார்க்க முடியாதா? பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ருசி பார்க்கிற நேரம். நான் பறிப்பேன், சத்துணவு அக்கா கழுவித் தருவாங்க, நான் ஆளுக்கு ஒரு இலை கையில தருவேன். துளசி, பனிக்கூர்க்கை, வல்லாரை, தூதுவளை, இந்த நாலும் மட்டும்தான். நிலவேம்பு நாக்குல பட்டா ராத்திரி வரைக்கும் கசக்கும், அதைப் பேரு தெரிஞ்சுக்கிட்டா போதும். பிரண்டையைப் பச்சையா கடிச்சா வாயும் தொண்டையும் அரிக்கும். தினமும் மாத்திரை சாப்பிடுற பிள்ளைங்களும், எதையாவது தின்னா உடம்பு தடிக்கிற பிள்ளைங்களும் முதல்லயே என்கிட்ட வந்து சொல்லிரணும். வேண்டாம்னு சொன்னா யாரும் வற்புறுத்த மாட்டோம்.

என் கையால தராத எதுவும் உங்க வாய்க்குள்ள போகக் கூடாது. கூட்டுக்காரன் தந்தாலும் சரி, எட்டாம் கிளாஸ் அக்கா தந்தாலும் சரி. கீழாநெல்லியைப் பாருங்க. இலைக்குக் கீழ வரிசையா குட்டிக் குட்டிக் காய் இருக்கும். அதே மாதிரி காய்க்கிற வேற செடியும் நம்ம ஊர் வரப்புல நிறைய முளைக்குது. பெரியவங்களே மாத்திப் பறிச்சிருவாங்க. அதனால இலையை நிக்கர் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு போய், சளி பிடிச்ச தம்பிக்குக் கொடுக்கிற வைத்தியமும் வேண்டாம். கைக்குழந்தைக்கு ஒரு சொட்டு சாறுகூட நீங்க கொடுக்கக் கூடாது.

அகத்தியமலையில கேரளப் பக்கத்துல 1987ல நடந்தது சொல்றேன். ஆராய்ச்சிக்குப் போனவங்க மலையேற முடியாம களைச்சுப் போயிட்டாங்க. வழி காட்ட வந்த காணிக்காரங்க மட்டும் ஏதோ ஒரு சின்னக் காயைத் தின்னுக்கிட்டே தெம்பா நடந்தாங்க. அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. நம்ம பேச்சிப்பாறைக்கு மேலயும் காணிக்காரங்க குடியிருப்பு உண்டு. காட்டுக்குள்ள ஆயிரம் காய் இருக்க, அந்த ஒரு காயை அவங்க சரியா எடுத்தது எப்படி? தாத்தாவும் பாட்டியும் சின்ன வயசுலயே கூடவே கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காங்க. நீங்களும் அப்படித்தான் கத்துக்கணும், பெரியவங்க பக்கத்துல நின்னு.

இனி தொடுறது. துளசியையும் பனிக்கூர்க்கையையும் ரெண்டு விரலால மெதுவா தடவி மோந்து பாருங்க, கிள்ள வேண்டாம். தூதுவளையில முள் உண்டு, இலையிலயும் உண்டு. எருக்கம்பால், அரளிப்பால் கண்ணுல பட்டா கண்ணுக்கே கேடு. பட்டா கசக்காம, குழாயத் திறந்து கால் மணி நேரம் ஓடுற தண்ணியில கழுவணும், ஒருத்தர் ஓடி வந்து என்னைக் கூப்பிடணும். காஞ்சொறி, பூனைக்காலி ரெண்டையும் வேலியோரம் பார்த்தா தள்ளி நில்லுங்க. மழைக்குப் பிறகு வர்ற பெரிய நத்தையை வெறுங்கையால எடுக்கக் கூடாது, நோய்க் கிருமி இருக்கும். சருகுக்குள்ள கை விடுறதுக்கு முன்னால கம்பால தட்டுங்க. தோட்டத்துல இருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் கண்ணு, மூக்கு, சோறு எல்லாம்.

யாராவது எதையாவது தின்னுட்டா மறைக்காதீங்க. அடிக்க மாட்டேன், ஏச மாட்டேன். துப்பிட்டு, வாயைக் கொப்பளிச்சிட்டு, அந்த இலையையோ காயையோ கையோட கொண்டு வாங்க, டாக்டருக்குக் காட்டணும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீட்டுல நடந்தா பெரியவங்களைக் கூப்பிடுங்க, யாரும் இல்லைன்னா 108.

செடியப் பார்க்கிற வேலைக்கு வருவோம். நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, துலாமழையும் உண்டு. அதனால பெரும்பாலும் தண்ணி கூடிப்போய்த்தான் செடி அழுகும். கற்றாழை மூட்டுல தண்ணி கட்டவே கூடாது, மேடாக்கி மண் அணைச்சிருக்கோம். துளசிக்கு வெயில் வேணும், கதிர் விட்டதும் நுனியக் கிள்ளணும், அப்போதான் கிளைக்கும். வல்லாரைக்கு ஈரமும் நிழலும் பிடிக்கும், ஆனா கை கழுவுற தண்ணி அந்தப் பாத்திக்குப் போகக் கூடாது, அதை நாம திங்கிறோமே. வயல் ஓடையில முளைச்ச வல்லாரையப் பறிக்காதீங்க, உரமும் பூச்சி மருந்தும் அதுல சேரும். நம்ம தோட்டத்துல பூச்சி மருந்து கிடையாது, புழுவைக் குச்சியால எடுத்துப் போடுங்க. மழை இல்லாத நாள்ல காலையில, ஆளுக்கு ரெண்டு சிரட்டைத் தண்ணி, இலை மேல ஊத்தாம மூட்டுல ஊத்துங்க.

பேர்ப்பலகையில செவப்புப் புள்ளி வச்ச செடியப் பார்க்க மட்டும்தான் அனுமதி. வாசிக்கத் தெரியாத ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்களுக்காகத்தான் அந்தப் புள்ளி.

இப்போ அஞ்சாம் கிளாஸ் துளசிப் பாத்திக்கு, ஆறாம் கிளாஸ் வல்லாரைக்கு. ஏழாம் கிளாஸ் தூதுவளைக்குப் பந்தல் கம்பு நடணும், மம்பட்டி என்கிட்ட இருக்கு. எட்டாம் கிளாஸ், ஆளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்களைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க, முதல்ல செவப்புப் புள்ளிச் செடிங்களைக் காட்டிரலாம்.