மருதையாற்றுப் பாலம்

தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து நின்றபோதே நன்றாக இருட்டிவிட்டது. சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவும் அப்பாவும் இரண்டு நாள் கழித்துத்தான் வருகிறார்கள். கதிரை மாமா முன்னாலேயே கூட்டிப் போகிறார்.

"மருமவனே, கீழ் பெர்த் உனக்கு. ஜன்னலும் உனக்குத்தான்" என்றார்.

கதிர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில், வானத்தைவிடக் கொஞ்சம் அதிகமான கறுப்பு. ரயில் நகர்ந்ததும் ரயில்வே கேட்டில் காத்திருந்த பைக்குகளின் வெளிச்சம் சர்ரென்று ஓடி மறைந்தது. இதுவரை அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் அவன் ரயிலைப் பார்த்திருக்கிறான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா கம்பி வழியே பணத்தை நீட்டினார். அதே வழியாகப் பால்கோவா உள்ளே வந்தது. அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்ப்பொடி இட்லிக்கு அப்புறம்தான் அது என்று பொட்டலத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மதுரை தாண்டியதும் வைகை. ஐப்பசி மாசம், ஆற்றில் தண்ணீர் கிடந்தது. தெருவிளக்குகள் அதில் நீளநீளமாக நெளிந்தன. திண்டுக்கல் வருவதற்குள் சாரல் முகத்தில் அடிக்க, மாமா ஷட்டரை இறக்கிவிட்டார். பார்க்க ஒன்றுமில்லை என்றானதும் கதிர் தூங்கிப்போனான்.

"எந்திரில. கொள்ளிடம் தாண்டியாச்சு."

கண்ணைத் திறந்தபோது ஷட்டர் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. ஈரக்காற்றோடு மண்வாசனை உள்ளே வந்தது. மாமா தூங்கியதாகவே தெரியவில்லை. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, எதிரே யாரையோ பார்க்கப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

லால்குடிக்கும் அரியலூருக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷம் கேங்மேனாக இருந்தவர் அவர். ஊருக்கு வந்தால் வேலையைப் பற்றிப் பேசவே மாட்டார். உள்ளங்கையைத் தொட்டால் மட்டும் காய்ப்பு உறுத்தும்.

"மருதையாறு வரப்போகுது. தூரத்துல பாக்காத. தண்டவாளத்தை ஒட்டிக் கீழ பாரு."

"கீழ என்ன மாமா?"

"1956 நவம்பர்ல இதே மாதிரி ராத்திரி, இதே மாதிரி மழை. ஆத்துல வெள்ளம் வந்து பாலத்துக்கிட்ட கரையை அரிச்சிட்டு. மெட்ராஸ்லருந்து தூத்துக்குடிக்குப் போன வண்டி ஆத்துக்குள்ள விழுந்துட்டு. நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியையே விட்டாரு."

கதிர் கம்பியை இறுக்கிப் பிடித்தான். "இப்பவும் மழை பெய்யுதே."

"பெய்யுது. அதான் ஆள் நிக்குது, பாரு."

ரயிலின் சத்தம் கனத்தது. கீழே இருந்த மண் காணாமல் போய், அந்த இடத்தில் ஓடும் தண்ணீரின் மங்கலான மினுப்பு. பாலம் முடிந்த இடத்தில், சரளைக்கல் விளிம்பில் ஒரு விளக்கு. விளக்குக்குப் பின்னால் மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள். முட்டி வரை சேறு. தோளில் ஒரு பை. ஜன்னல் வெளிச்சம் பட்ட ஒரு நொடியில் அவர் முகம்கூடத் தெரிந்தது. மாமாவைவிட ரொம்பச் சின்னவர். அவர் எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை, சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கம்பி வழியாகக் கையை நீட்டி அசைத்தார். அதற்குள் அவர் பின்னால் போய்விட்டார்.

"யாரு மாமா, தெரிஞ்சவரா?"

"புதுப் பையன் போலிருக்கு. நான் பாத்ததில்ல." மாமா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ரோந்து. இப்படியே நடந்து போவான். எதிர்ப்பக்கமிருந்து இன்னொருத்தன் வருவான். ரெண்டு பேரும் நோட்டை மாத்திக்கிட்டுத் திரும்பணும். கரை அரிச்சிருந்தா அந்தப் பையில வெடி இருக்கு. தண்டவாளத்துல வச்சிட்டா எஞ்சின் ஏறுனதும் வெடிக்கும். டிரைவர் நிப்பாட்டிருவாரு."

"நீங்க வச்சிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவ." அதற்குமேல் சொல்லவில்லை. கதிரும் கேட்கவில்லை. பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து அவன் கையில் பாதியை வைத்தார்.

அப்புறம் கதிருக்குத் தூக்கம் வரவில்லை. விழுப்புரத்தில் டீக்காரர் குரல் கேட்டது. பாலாற்றைக் கடக்கும்போது வெளுக்க ஆரம்பித்திருந்தது; அகலமான ஆறு, பாதி மணல், பாதி தண்ணீர். செங்கல்பட்டு தாண்டி மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் தோளில் ஸ்பேனரும் சுத்தியலுமாக, ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார்.

"கீமேன்" என்றார் மாமா. "ராத்திரி அவன், பகல்ல இவரு."

கதிர் கம்பி வழியே கையை நீட்டி, தோள் வலிக்கிற அளவுக்கு அசைத்தான். அவர் நிமிர்ந்தார். சுத்தியலைக் கை மாற்றிக்கொண்டு பதிலுக்குக் கையைத் தூக்கினார்.

"மாமா! பாத்துட்டாரு!"

"பாப்பாரு, பாப்பாரு. கையை உள்ள எடு, எதிர்வண்டி வருது."