மருந்தாளருக்கு ஒரு கடிதம்: பாட்டியின் மைலோ டின்னில் இருந்த மாத்திரைகள்

சுங்கை சிப்புட், பேராக்
13 ஜூன் 2025, வெள்ளி இரவு

மதிப்பிற்குரிய மருந்தாளர் மிஸ் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்காது, ஆனால் என் பாட்டியைக் கட்டாயம் நினைவிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை என் தம்பியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்து, உங்கள் ஃபார்மசியில் சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப் வாங்குவார். நீங்கள் தமிழில் பேசுவதால் கவுண்டரில் நின்று அரைமணி நேரம் கதை சொல்வார் என்று தம்பி சொல்வான். பாட்டி சென்ற மாதம் 22ஆம் தேதி தவறிவிட்டார். வயது 81. போன வாரம் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் அவருடைய அலமாரியைத் திறந்தோம்.

சேலைகளுக்குப் பின்னால் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. உள்ளே மாத்திரைகள். எதிலும் முழுப் பெயர் இல்லை, லேபிள் இல்லை. அவற்றை இன்னவென்று கண்டுபிடிக்க உங்கள் உதவி வேண்டும். நாளை காலை எனக்கு ஈப்போவில் ஷிப்ட் இருப்பதால் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். வாய்வழியாகச் சொல்லி ஏதாவது விட்டுப்போய்விடக் கூடாது என்பதால்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். டின்னில் இருந்த மாத்திரைகளில் ஒரு வகையைப் பாட்டியின் தங்கை, எங்கள் சின்னப்பாட்டி, இன்றும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான்காவது கவரில் இருப்பது அதுதான். மற்ற மூன்று கவர்களையும் நீங்கள் நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும்.

அந்த நான்காவது கவரில் இளமஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரைகள் 18, பச்சை கேப்சூல் 12. மாத்திரையில் எழுத்தோ எண்ணோ கோடோ எதுவும் இல்லை. கேப்சூலைத் திறந்து பார்த்தேன், உள்ளே பழுப்பு நிறப் பொடி, லேசாகச் சுக்கு வாசனை. (திறந்த ஒன்றைத் தனியாகத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன், அது இந்த 12இல் சேராது.) இரண்டும் ஒரே பிளாஸ்டிக் பையில் கலந்து கிடந்தன. பையில் மால் பதிவு எண் இல்லை, ஹோலோகிராம் ஸ்டிக்கர் இல்லை, விற்றவர் பெயரோ காலாவதித் தேதியோ இல்லை.

இதை விற்றவர் மோட்டாரில் லயத்துப் பக்கம் வருகிற ஒருவர். பெயர் யாருக்கும் தெரியவில்லை. கால்வலிக்கு வேர் மருந்து என்று சொல்லி ஒரு பை 20 வெள்ளிக்குக் கொடுத்திருக்கிறார். பாட்டி குறைந்தது இரண்டு வருஷமாவது வாங்கியிருப்பார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டிய முட்டி, வலி இருந்திருக்கும்தான். திடீரென்று படியேற ஆரம்பித்தபோது நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோமே தவிர, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன தீபாவளிக்கு முன்பு சின்னப்பாட்டிக்கும் பாட்டிதான் இந்தப் பையைக் கொடுத்திருக்கிறார். ஆக எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தினமும் ஒரு மஞ்சள், ஒரு பச்சை. வலி அதிகமான நாளில் மஞ்சளை இரண்டாகப் போட்டுக்கொள்வாராம். அவருக்கு வயது 74. புதன்கிழமை வீட்டுக்கு வந்தவர், "அக்கா டின்னுல மருந்து மிச்சம் இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

அன்றைக்கு அவரை உட்காரவைத்து நன்றாகப் பார்த்தேன். முகம் உருண்டு பளபளவென்று இருக்கிறது. தீபாவளிக்கு வந்தவர்கள், "நல்லா தேறிட்டீங்க" என்று சொன்ன முகம் அது. வயிறு பெருத்திருக்கிறது, கை கால் மட்டும் மெலிந்திருக்கிறது. முன்கையில் அங்கங்கே ஊதா நிறத்தில் கன்றிய திட்டு, எங்கும் இடித்துக்கொள்ளவில்லை என்கிறார். முன்பு இல்லாத அளவுக்குப் பசிக்கிறதாம், ராத்திரி தூக்கம் இல்லையாம். பாட்டிக்கும் கடைசி இரண்டு வருஷம் முகம் இப்படித்தான் இருந்தது. கிளினிக்கில் மருந்தைக் கூட்டிக் கொடுத்தும் சர்க்கரை இறங்கவே இல்லை. அப்போது சோற்றைக் குறையுங்கள் என்று பாட்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஈப்போவில் நர்ஸாக இருக்கும் என் தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். வேர் மருந்து, மூட்டுவலி மருந்து என்று லேபிள் இல்லாமல் விற்பதில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது என்றாள். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னாள். அது ஸ்டீராய்டாக இருந்தால், மாதக்கணக்கில் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழக்கூடிய அளவுக்குப் போகும் என்றாள்.

அதனால்தான் இந்த அவசரம், மிஸ். எனக்கு முதலில் தோன்றியது அந்தப் பையைப் பிடுங்கிக் குப்பையில் போடத்தான். தோழி சொன்னதைக் கேட்ட பிறகு கை வரவில்லை. என்ன இருக்கிறது என்று தெரியாததைத் தினமும் சாப்பிடவிடுவதும் தப்பு, நிறுத்தச் சொல்லவும் பயமாக இருக்கிறது. சின்னப்பாட்டியின் கையில் இன்றைக்கு ஒன்பது மஞ்சள் மாத்திரைதான் மிச்சம். டின்னில் இருந்ததை நான் கொடுக்கவில்லை. அவரும் இதுவரை நிறுத்தவில்லை, இன்று காலையும் சாப்பிட்டிருக்கிறார். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு அவரை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன். அதுவரை சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்ன செய்வது என்பதுதான் என் முதல் கேள்வி. இப்போது சாப்பிடும் அளவிலேயே விடுவதா, திங்கள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம். வாந்தி, கடும் சோர்வு, தலைசுற்றல், காய்ச்சல் இதில் எது வந்தாலும் யாரையும் கேட்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகும்படி சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை அப்படி ஒன்றும் இல்லை. சின்னப்பாட்டிக்குப் பிரஷர் மருந்து மட்டும் கிளினிக்கிலிருந்து கிடைக்கிறது, அதன் கவரைப் படம் எடுத்துத் தம்பியின் போனில் போட்டிருக்கிறேன். எந்த மருந்துக்கும் அலர்ஜி இல்லை.

எழுத்தில்லாத மாத்திரையைக் கண்ணால் பார்த்து இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது புரிகிறது. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித்தான் தெரியும் என்றால், அதற்கு மாநிலச் சுகாதார இலாகாவின் மருந்தக அமலாக்கப் பிரிவில் எப்படிக் கொடுப்பது என்று சொல்லுங்கள். இந்த வகையில் பாதியை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை டாக்டரிடம் காட்ட இரண்டு வரி எழுதித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். நான் வாயால் சொன்னால் பாட்டி போன துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

மற்ற மூன்று கவர்களும் கிளினிக் மருந்தாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாட்டியே லேபிள்களைக் கிழித்துப் போட்டிருக்கிறார். அவருக்கு மலாய் படிக்கத் தெரியாது, தமிழும் கையெழுத்து அளவுதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் தாளில் பொட்டலம் மடித்துக் கொடுத்த காலத்துப் பழக்கம், கிளினிக் கவரிலிருந்து எடுத்துத் தன் சொந்தப் பைகளில் போட்டு நூலால் கட்டி வைத்திருக்கிறார். ஒரு பையில் ஒரு முடிச்சு, இன்னொன்றில் இரண்டு முடிச்சு. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாதான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு முடிச்சு காலைக்கு, இரண்டு முடிச்சு ராத்திரிக்கு என்றார். அந்த நூலை அவிழ்க்காமலே அனுப்புகிறேன், பையின் ஓரத்தைக் கத்தரித்துத்தான் எண்ணினேன்.

முதல் கவர் ஒரு முடிச்சுப் பை: நடுவில் கோடு போட்ட வட்டமான வெள்ளை மாத்திரை 26. இரண்டாவது, இரண்டு முடிச்சுப் பை: அதைவிடச் சின்னதாக, இளஞ்சிவப்பில் 41. மூன்றாவதில் ஓரம் வெட்டிய ஒரு ஸ்டிரிப், ஏழு பெரிய மாத்திரை. பின்பக்கத் தாளில் ‘மின்’ என்று முடியும் பாதிப் பெயரும் 500 என்ற எண்ணும் தெரிகின்றன. கிளினிக் புத்தகத்தில் மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 10, பெரிண்டோபிரில் 4, சிம்வாஸ்டாடின் 20 என்று எழுதியிருக்கிறது. புத்தகத்தையும் அனுப்புகிறேன். எது எது என்று நானாக முடிவுசெய்யவில்லை. இவை நல்ல நிலையில் இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் மாட்டோம். நீங்களே வாங்கி அழிக்க முடியுமானால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை கிளினிக் மருந்துக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

எனக்குத் தெரியவேண்டியது, பாட்டி ராத்திரி மருந்தைச் சாப்பிடாமல் சேர்த்து வைத்தாரா என்பதுதான். 41 மிச்சம் இருப்பது உறுத்துகிறது. காலில் வந்த புண் ஆறாமல், கிருமி ரத்தத்தில் கலந்துதான் அவர் போனார். அதற்கும் அந்த மஞ்சள் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டா என்று இப்போது உங்களைக் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. சின்னப்பாட்டிக்குச் செய்ய முடியும்.

இன்னொன்று. காரியத்துக்கு வந்த லயத்துப் பெண்கள் இரண்டு பேர் அந்தக் கால்வலி மருந்து எங்கே கிடைக்கும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் இன்னும் எத்தனை வீட்டில் இது இருக்கிறதோ தெரியவில்லை. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்துக்கு வந்து இதைப் பற்றிப் பேச முடியுமா? நாற்காலி, மைக் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நான் சொன்னால் சின்னப் பெண் என்பார்கள், உங்கள் பேச்சைக் கேட்பார்கள். நிறுத்தும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதையும் நீங்கள் சொன்னால்தான் சரியாகப் போய்ச் சேரும்.

தம்பி காலை கடை திறந்ததும் வருவான். நீங்கள் பார்த்து முடிக்கும் வரை இருப்பான், அவசரப்படுத்த மாட்டான். எனக்கு மதியம் ஒரு மணிக்கு ஷிப்ட் இடைவேளை. அவன் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டால் உடனே எடுக்கிறேன்.

நன்றி மிஸ்.

இப்படிக்கு,
மாலதி
(உங்கள் கடையில் கதை சொல்லும் பாட்டியின் பேத்தி)

இணைப்பு: நான்கு கவர்கள், தாளில் மடித்த ஒரு கேப்சூல், பாட்டியின் கிளினிக் புத்தகம்.